அப்பாவோட விரல்

இன்னைக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. ஒரு போட்டோவைப் பத்தின கதை. கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்து வெச்சுக்கிட்டு நிதானமா படிங்க. சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மட்டும் மாத்தியிருக்கேன்.

திருப்பூர்ல என் கிளினிக்குக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் பனியன் கம்பெனி ஆளுங்க வருவாங்க. ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றவங்க. அப்படி ஒருநாள் முப்பது வயசுப் பையன் ஒருத்தர் வந்தார். ரெண்டு கண்ணும் செவசெவன்னு இருந்துச்சு.

"மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுங்க டாக்டர். சாயங்காலமானா தலைவலி வேற."

"எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் பாக்கறீங்க?"

"பட்டறையில பத்து மணி நேரமுங்க. அப்புறம் வீட்டுல ராத்திரி மூணு மணி வரைக்கும்."

சும்மா இருக்கறப்ப நாம நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுவோம். திரையை உத்துப் பாக்கறப்ப அது பாதிக்கும் கீழ போயிடும். கண்ணோட ஈரம் காய்ஞ்சா இந்த உறுத்தல் வரத்தான் செய்யும். சொட்டு மருந்து எழுதிக் குடுத்து, "ராத்திரி வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்துங்க"ன்னு சொன்னேன்.

"இன்னும் பதினோரு நாளைக்கு நிறுத்த முடியாதுங்க"ன்னார். தங்கச்சிக்குக் கல்யாணம்.

அவர் வேலை பார்க்கறது ஒரு பிரிண்டிங் பட்டறையில. டீ-ஷர்ட்டுல விழற டிசைனை கலர் கலரா பிரிச்சு, ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம் போட்டுக் குடுக்கற ஆள். நாலு கலர் டிசைன்னா நாலு ஃபிலிம், நாலு ஸ்கிரீன். ஒரு படத்தைப் பார்த்தா நமக்கு ஒரு படம் தெரியும். அவருக்கு ஒண்ணு மேல ஒண்ணா நாலு படம் தெரியும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே இதுலதான் இருக்கு.

அவங்க அப்பா கட்டிங் மாஸ்டர். 2014-ல தவறிட்டார். வீட்டுல மாலை போட்டு மாட்டியிருக்கறது பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெருசாக்கினது. அதை மேடையில வைக்க வேண்டாம்னு தங்கச்சி சொல்லிடுச்சு. "மாலை போட்ட அப்பா வேண்டாம்ணா. என்னைப் புடிச்சிட்டு இருக்கற அப்பாதான் வேணும்."

2002-ல அவினாசித் தேர்ல எடுத்த படம் அது. அப்பா முட்டி போட்டு உட்கார்ந்து, முன்னாடி நிக்கற அஞ்சு வயசுக் குழந்தையோட இடுப்பைச் சுத்தி இடது கையால புடிச்சிருப்பார். தங்கச்சியும் அப்பாவும் மட்டும் இருக்கற ஒரே படம்.

2011 நவம்பர்ல ஜம்மனை ஓடை வெள்ளம் வந்தது திருப்பூர்க்காரங்களுக்கு மறக்காது. ஓடைக்குப் பக்கத்து லைன் வீட்டுலதான் இவங்க அப்ப குடியிருந்தாங்க. கீழ் அலமாரியில இருந்த அந்தப் படம் ஃப்ரேமோட தண்ணியில கிடந்து, அப்படியே காய்ஞ்சு, கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. அம்மா அதைப் பழைய சேலையில சுத்தி பீரோவுல வெச்சிருந்திருக்காங்க.

மறுநாள் அதைக் கிளினிக்குக்கே கொண்டு வந்து காட்டினார். அப்பா முகம் பரவாயில்லை. கீழ வலது மூலைதான் மோசம். உள்ளேர்ந்து மூலையை நோக்கிப் போகப் போக படம் முதல்ல ஆரஞ்சாகி, அப்புறம் மஞ்சளாகி, கடைசியில வெறும் வெள்ளையா முடிஞ்சிருந்துச்சு.

"இது ஏன் இப்படி வரிசையா நிறம் மாறுது தெரியுமாங்க?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியலை. அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். வீட்டுல நனைஞ்ச போட்டோ இருந்தா எடுத்துப் பாருங்க, புரியும்.

கலர் லேப்ல கழுவின போட்டோவுல, பிளாஸ்டிக் பூசின காகிதத்து மேல ஜெலட்டின் பூச்சு இருக்கும். அதுல மூணு சாயம், மூணு அடுக்கா இருக்கும். மேல சயான்னு சொல்ற பச்சை கலந்த நீலம், நடுவுல மெஜந்தா, அடியில மஞ்சள். ஜெலட்டின்ங்கறது தோல், எலும்புல இருந்து எடுக்கற புரதம். தண்ணி பட்டா ஊறும். ஈரம் நின்னா பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. அரிப்பு மேலேர்ந்துதான் தொடங்கும். முதல்ல சயான் போயிடும், மிச்சம் இருக்கற மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து ஆரஞ்சா தெரியும். மெஜந்தாவும் போனா மஞ்சள் மட்டும். அதுவும் போனா வெள்ளைக் காகிதம்.

எனக்குத் தீக்காயம்தான் ஞாபகம் வந்துச்சு. தோலோட நிறத்தைப் பார்த்தே காயம் எவ்வளவு ஆழம்னு நாங்க கணிப்போம். இதுவும் அதேதான். நிறம் ஆழத்தைச் சொல்லுது. ஆரஞ்சுன்னா மேல் அடுக்கு மட்டும் போச்சு, மஞ்சள்னா ரெண்டு அடுக்கு, வெள்ளைன்னா எல்லாமே போச்சு.

இதுக்கு முன்னாடியே ஒரு ஸ்டூடியோவுல குடுத்துப் பார்த்திருக்காங்க. அழகா பளபளன்னு ஒரு படம் வந்துச்சாம். அம்மா பார்த்த உடனே, "பாப்பா பாவாடை கிளிப்பச்சை ஆச்சே, இதென்ன கீழ மஞ்சளா இருக்குது?"ன்னு கேட்டாங்க. தங்கச்சி கையைப் பார்த்துட்டு, "இது அப்பா கை இல்லை"ன்னு சொல்லி உள்ள போயிடுச்சு.

ஸ்டூடியோக்காரர் மேல தப்பு சொல்ல முடியாது. பாவாடை மேல பாதி பச்சையாவும் கீழ பாதி மஞ்சளாவும் தெரிஞ்சிருக்கு, ரெண்டு கலர் பாவாடைன்னு நினைச்சிருக்கார். பச்சைங்கறது சயானும் மஞ்சளும் சேர்ந்தது. சயான் போனா பச்சை மஞ்சளாத்தான் தெரியும். கை இருந்த இடம் வெறும் வெள்ளை. அங்க வேற யாரோ ஒருத்தரோட கையை வெட்டி ஒட்டியிருக்கார். அஞ்சு விரலும் முழுசா இருந்த கை.

அப்பாவுக்கு அஞ்சு விரலும் முழுசா கிடையாது.

துணியை அடுக்கடுக்கா விரிச்சு, நட்டமா நிக்கற கத்தி மெஷின்ல வெட்டறதைப் பார்த்திருப்பீங்க. வலது கை மெஷினைத் தள்ளும், இடது கை துணியை அமுக்கிப் புடிச்சிருக்கும். அதனால பெரும்பாலும் அடிபடறது இடது கை விரல்தான். அதுக்குத்தான் இரும்பு வளையம் கோத்த கையுறை இருக்கு. அதைக் கழட்டி வெச்சுட்டு வேலை பார்த்த ஒரு நாள்ல அவருக்கு ஆள்காட்டி விரல் நுனி போயிருக்கு. மகளுக்கு அப்ப ரெண்டு வயசு. நடக்கறப்ப அந்த மொட்டை விரலைத்தான் புடிச்சுக்குவாளாம். அவ கைக்கு அதுதான் சரியான அளவு.

அண்ணன்காரர் ராத்திரி மூணு மணி வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தார்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

அவர் செஞ்சதை வரிசையா சொல்றேன். முதல் விஷயம், போட்டோவைக் கண்ணாடியில இருந்து உரிக்கலை. ஒட்டின போட்டோவைக் காய்ஞ்ச நிலையில உரிச்சா ஜெலட்டின் கண்ணாடியோட போயிடும், கையில காகிதம்தான் வரும். தண்ணியில ஊற வெச்சும் பிரிக்கலாம். ஆனா பூஞ்சை தின்ன இடத்துல மிச்சம் இருக்கற படமும் கரைஞ்சு போக வாய்ப்பு உண்டு. அதனால கண்ணாடியோடவே ஸ்கேன்.

இதுலயும் ஒரு சிக்கல். பிரிண்டரோட சேர்ந்து வர்ற மெல்லிசான ஸ்கேனர்ல கண்ணாடிக்கு ஒட்டி இருக்கறது மட்டும்தான் தெளிவா விழும். நடுவுல இன்னொரு கண்ணாடி இருந்தா மங்கிடும். பட்டறையில மூலையில கிடந்த, பெட்டி மாதிரி கனமான பழைய ஸ்கேனர்ல உள்ள லென்ஸும் கண்ணாடிகளும் இருக்கும். அது கொஞ்சம் தள்ளி இருக்கறதையும் தெளிவா புடிக்கும். அதைத் தூசு தட்டி எடுத்து 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணினார். கணக்கு சுலபம். படம் 4-க்கு 6 இன்ச். 600 டிபிஐன்னா 2400-க்கு 3600 புள்ளி. அதை 12-க்கு 18 இன்ச்சா பிரிண்ட் போட்டா இன்ச்சுக்கு 200 புள்ளி வரும். மேடையில நாலடி தள்ளி நின்னு பாக்கறதுக்கு அது போதும். அந்த ஸ்கேன் ஃபைலை ரெண்டு இடத்துல பத்திரமா வெச்சுட்டு, வேலையெல்லாம் நகல்ல மட்டும்தான்.

அடுத்தது கலர். திரையில இருக்கற படத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனல் இருக்கும். சயான் சாயத்தோட தடம் சிவப்பு சேனல்ல தெரியும், மெஜந்தா பச்சை சேனல்ல, மஞ்சள் நீல சேனல்ல. மூணையும் தனித்தனியா கறுப்பு வெள்ளையா எனக்குத் திறந்து காட்டினார். பாவாடை கீழ் பாதியில சிவப்பு சேனல் வெறுமையா இருந்துச்சு. நீல சேனல்ல பாவாடையோட ஒவ்வொரு மடிப்பும் அப்படியே இருந்துச்சு! அடி அடுக்கு மஞ்சள்ல, அத்தனை வருஷமா யார் கண்ணுக்கும் தெரியாம உட்கார்ந்திருக்கு.

"நம்ம ஃபிலிம் செப்பரேஷன்தானுங்க. ஒரு ஃபிலிம் கிழிஞ்சு போச்சு, மிச்ச ஃபிலிம் இருக்குது."

கெடாத மேல் பாதியில நீல சேனலுக்கும் சிவப்பு சேனலுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அளந்தார். அதே வித்தியாசத்தைக் கீழ் பாதிக்குக் குடுத்து, நீலத்துல இருந்த மடிப்புகளை வெச்சு சிவப்பு சேனலைத் திரும்ப உருவாக்கினார். மூணையும் சேர்த்துத் திறந்தா கிளிப்பச்சை. அம்மா சொன்னது சரி. இதுல அவர் ஒரு கோடுகூடப் புதுசா வரையலை, இருந்ததைத்தான் வெளிய எடுத்தார். அப்பா முகத்துலயும் கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் மட்டும்தான் பக்கத்துத் தோலை வெச்சு மூடினார். சுருக்கத்தையோ தாடையில இருந்த மருவையோ தொடலை.

மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள் இருந்துச்சு, அதுவும் மீண்டுடுச்சு. அதுக்கப்புறம் வெள்ளை. எந்த சேனல்லயும் ஒண்ணும் இல்லை. இல்லாததை மீட்க முடியாது, செய்யத்தான் முடியும்.

அஞ்சாவது நாள் மறுபடி வந்தார். கண்ணுக்கு இல்லை. கையில ஒரு பழைய காக்கிக் கவர்.

"அப்பா விரல் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. ஆனா வரையறப்ப வர மாட்டேங்குது. நான் ஒரு நீளம் வெச்சா பாப்பா இல்லைங்குது. அம்மா இதைத் தேடி எடுத்துக் குடுத்துச்சு."

விபத்து நடந்தப்ப எடுத்த எக்ஸ்-ரே. இருபத்தஞ்சு வருஷமா நம்ம அம்மாக்கள் தூக்கிப் போடாம வெச்சிருக்கற கவர். "எதுக்கும்மா இது?"ன்னு நானே எத்தனையோ பேர்கிட்ட கேட்டிருக்கேன். இனிமே கேட்க மாட்டேன்.

லைட் பாக்ஸ்ல மாட்டினேன். ஃபிலிமைத் திருப்பி மாட்டினா இடது வலதா தெரியும், அதனால முதல்ல மூலையில இருக்கற L எழுத்தைப் பார்த்து நேரா வெச்சேன். ஆள்காட்டி விரலோட மூணு எலும்புல கடைசி எலும்பு பாதிதான் இருந்துச்சு. எலும்புக்கு மேல தோலும் சதையும் மங்கலா நிழல் மாதிரி தெரியும், அதையும் சேர்த்துப் பார்க்கணும். நடுவிரலோட கடைசி மூட்டுக்கு நேரா இந்த விரல் முடிஞ்சுது. தங்கச்சி சொன்ன நீளம்தான் சரி. அண்ணன் கொஞ்சம் நீளமா வெச்சிருந்தார்.

இன்னொண்ணும் சொன்னேன். "இப்படி வெட்டுப்பட்ட விரல்ல, நகத்தைத் தாங்கற எலும்பு பாதி போயிடும். ஆறினப்புறம் வளர்ற நகம் தாங்க இடமில்லாம நுனியைச் சுத்தி உள்ளங்கைப் பக்கமா வளைஞ்சுக்கறது உண்டு. அப்பாவுக்கு அப்படி இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கிளி மூக்கு மாதிரி இருக்குமுங்க. நான் மறந்தே போயிட்டேன்"ன்னார். கண்ணைத் துடைச்சுக்கிட்டார். சொட்டு மருந்து போட்ட கண்தான், நானும் ஒண்ணும் கேட்கலை.

விரலோட அளவு கிடைச்சிடுச்சு, கை எங்க போறது? அவரோட கையையே எடுத்துக்கிட்டார். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே வாகு கை, அகலமான உள்ளங்கை, கட்டை விரல்கள். படத்துல அப்பா மூக்கோட நிழல் விழற பக்கத்தைப் பார்த்து வெயில் எந்தத் திசையில, எவ்வளவு சாய்வுல இருந்ததுன்னு கணிச்சு, காலையில எட்டரை மணிக்கு மொட்டை மாடியில முட்டி போட்டு உட்கார்ந்தார். குழந்தைக்குப் பதிலா பனியன் கட்டு ஒண்ணைப் புடிச்சுக்கிட்டார். கூட வேலை பாக்கறவர் போட்டோ எடுத்தார். வெளிச்சம் ஒத்துப் போகலைன்னா எவ்வளவு நல்லா ஒட்டினாலும் கை தனியா மிதக்கும், பாக்கறவங்களுக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும். எக்ஸ்-ரே சொன்ன நீளத்துக்கு விரலைக் குறைச்சு, நகத்தை வளைச்சு, பழைய படத்துல இருந்த அதே அளவு நொய்யைத் தூவினார். செல்போன் படத்தோட தெளிவு 2002-ஓட ஃபிலிம் படத்துல ஒட்டாது பாருங்க.

ஒரு விஷயம் அவரை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. "பொய் சொல்ற மாதிரி இருக்குதுங்க டாக்டர்."

அவருக்கு ஜப்பான் கதையைச் சொன்னேன். இங்க ஓடை வெள்ளம் வந்த அதே 2011, மார்ச் 11-ல அங்க சுனாமி. தண்ணி வடிஞ்சதும் சேத்துல கிடந்த குடும்பப் போட்டோக்களை ஜனங்க பொறுக்கிச் சேர்த்தாங்க, தன்னார்வலர்கள் ஒவ்வொண்ணா கழுவிக் காய வெச்சாங்க. உதவிக்குப் போயிருந்தவங்கள்ல பெக்கி மேன்சன்னு ஒருத்தர், தொழில்ல போட்டோ ரீடச்சர். ஸ்கேன் பண்ணின படங்களை உலகம் முழுக்க இருந்த சக தொழிலாளிகளுக்கு அனுப்பி, சரி பண்ணி வாங்கி, உரியவங்க கையில சேர்த்தாங்க. 2012-ல டெட் மேடையில அதைப் பத்திப் பேசியிருக்காங்க. அங்கயும் கிழிஞ்சு போன இடத்தை யாரோ ஒருத்தர் கையாலதான் நிரப்பியாகணும்.

"நீங்க செஞ்சதை மறைச்சாத்தான் பொய். எது அப்பா, எது நீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா பொய் இல்லை"ன்னேன். மருத்துவத்துலயும் அதேதான். செயற்கைப் பல் வெச்சா வெச்சோம்னு கேஸ் ஷீட்ல எழுதிடுவோம்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி பிரிண்ட் வந்துடுச்சு. பழைய கண்ணாடியும் படமும் மறுபடி சேலைக்குள்ள போயிடுச்சு. புது ஃப்ரேம்ல கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல ஒரு அட்டைச் சட்டம் வெச்சு இடைவெளி விட்டிருந்தார். இனி ஒருவேளை நனைஞ்சாலும் அவ்வளவு சுலபத்துல ஒட்டிக்காது. பின்பக்கம் பேனாவால எழுதியிருந்தார்: "பாவாடை, மணிக்கட்டு பழைய படத்துல இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழ கை அண்ணனோடது. விரல் நீளம் எக்ஸ்-ரே பார்த்து."

நான் முகூர்த்தத்துக்குப் போயிருந்தேன். மேடையில பொண்ணுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியில அந்தப் படம். தாலி கட்டி முடிஞ்சு கால்ல விழுந்து எழுந்தப்ப, அந்தப் பொண்ணு படத்துக்கிட்ட குனிஞ்சு, கண்ணாடி மேல ஒரே ஒரு இடத்துல விரலை வெச்சுது. எந்த இடம்னு சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அண்ணனைப் பார்த்து, "உன் கைன்னு தெரியுதுண்ணா. விரல் அப்பாதான்"ன்னு சொல்லிச்சு.

உங்ககிட்ட ரெண்டே விஷயம் கேட்டுக்கறேன். கண்ணாடியில ஒட்டின போட்டோ வீட்டுல இருந்தா இன்னைக்கு உரிக்காதீங்க, அப்படியே கண்ணாடியோட ஒரு நல்ல ஸ்கேன் எடுத்து வைங்க. சரி பண்ணக் குடுக்கறப்ப, அந்த ஆளை நேர்ல தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உட்காருங்க. பாவாடை என்ன கலர், விரல் எத்தனைன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

கட்டிங் டேபிள்ல நிக்கற தம்பிகளா, கையுறையைக் கழட்டாதீங்கப்பா.

அவருக்குக் கண்ணு இப்ப சரியாயிடுச்சு. ராத்திரி பதினொண்ணுக்கே தூங்கிடறாராம்.